அப்பா கிரயம் வாங்கிய வயலுக்கு அத்தைகள் எதற்குக் கையெழுத்துப் போடணும்?

சேர்மாதேவிக்காரன்

கன்னடியன் கால் பாசனத்துல எங்க அப்பா பேர்ல ரெண்டு ஏக்கர் நஞ்சை இருக்கு. 1996-ல அப்பா சொந்தக் காசுல கிரயம் வாங்கினது, தாத்தா சொத்து கிடையாது. அப்பா 2019-ல தவறிட்டாங்க. உயில் எதுவும் எழுதலை. அப்ப ஆச்சி (அப்பாவைப் பெத்தவங்க) இருந்தாங்க, அவங்களும் 2022-ல போயிட்டாங்க. தாத்தா அதுக்கு ரொம்ப வருஷம் முன்னாடியே காலம்.

2023-ல வாரிசு சான்றிதழ் வாங்கி, பட்டாவை அம்மா, நான், தங்கச்சி மூணு பேர் பேருக்கும் கூட்டா மாத்தியாச்சு. இப்ப விக்கலாம்னு பேசினா, வாங்குறவரோட வக்கீல் சித்தப்பாவும் ரெண்டு அத்தையும் கையெழுத்துப் போட்டாத்தான் ஆகும்ங்கிறாரு. வாரிசு சான்றிதழ்ல அவங்க பேரே இல்லை. பட்டாலயும் இல்லை. அப்புறம் எதுக்கு?

முக்கூடல் முருகு

வக்கீல் ஃபீஸ் ஏத்துறதுக்கு வழி பாக்காரு. தாசில்தார் கொடுத்த வாரிசு சான்றிதழ்ல யார் பேர் இருக்கோ அவங்கதான் வாரிசு. பட்டாவும் உங்க பேர்ல வந்துட்டு. வேற வக்கீலைப் பாருங்க அண்ணாச்சி.

இன்னொண்ணு, அத்தைகளுக்கு எப்ப கல்யாணம் ஆச்சு? 1989-க்கு முன்னாடி கட்டிக்கொடுத்த பொண்ணுக்குத் தமிழ்நாட்டுல சொத்துல பங்கு கிடையாது. அதைச் சொல்லிப் பாருங்க.

சேர்மாதேவிக்காரன்

பெரிய அத்தைக்கு 1981, சின்ன அத்தைக்கு 1986. அப்ப ரெண்டு பேருமே வரமாட்டாங்கல்ல?

பழைய பத்திரம்

வருவார்கள். அந்த வக்கீல் சரியாகத்தான் சொல்லியிருக்கிறார். இரண்டு இறப்புத் தேதிகளை அடுத்தடுத்து வைத்துப் பார்த்ததால் அவருக்குத் தெரிந்திருக்கிறது. பலர் அதைப் பார்ப்பதில்லை.

அப்பா 2019-ல் இறந்த நிமிடத்திலேயே சொத்து யாருக்குப் போகிறது என்பது முடிந்துவிட்டது. வாரிசு சான்றிதழ் வாங்கிய தேதியும் பட்டா மாறிய தேதியும் அதை மாற்றாது. உயில் எழுதாமல் இறந்த இந்து ஆணின் சொத்து, 1956-ம் வருட இந்து வாரிசுரிமைச் சட்டப்படி முதல் வகுப்பு வாரிசுகளுக்குப் போகும். அந்த வகுப்பில் மனைவி, மகன், மகள் ஆகியோரோடு இறந்தவரின் அம்மாவும் இருக்கிறார். எல்லாருக்கும் தலைக்கு ஒரு சம பங்கு. இறந்தவரின் அப்பா இந்த வகுப்பில் வரமாட்டார், அவர் இரண்டாம் வகுப்பு. அதனால் உயிரோடு இருக்கும் தகப்பனாருக்கு ஒன்றும் கிடைக்காது, தாயாருக்குக் கிடைக்கும். இது ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. சொன்னால் நம்பவும் மாட்டார்கள்.

ஆக 2019-ல் உங்கள் இருநூறு சென்ட் நான்காகப் பிரிந்தது. அம்மாவுக்கு 50, உங்களுக்கு 50, தங்கைக்கு 50, ஆச்சிக்கு 50. ஆச்சி ஒரு நாளும் அந்த வரப்பில் கால் வைக்காமல் இருந்திருக்கலாம். அது கணக்கில் வராது.

2022-ல் ஆச்சி இறந்தபோது அவர் பெயரில் 50 சென்ட் இருந்தது. அது உங்கள் அப்பாவிடம் திரும்பிப் போகாது, ஆச்சியின் வாரிசுகளுக்குத்தான் போகும். ஆச்சிக்கு நான்கு பிள்ளைகள்: உங்கள் அப்பா, சித்தப்பா, இரண்டு அத்தைகள். ஆளுக்குப் பன்னிரண்டரை சென்ட். உங்கள் அப்பா முன்னமே இறந்ததால் அவர் பங்கான பன்னிரண்டரையை அவருடைய பிள்ளைகள் நீங்கள் இருவரும் ஆறேகால், ஆறேகாலாக எடுத்துக்கொள்வீர்கள்.

இதில் ஒரு சின்ன விஷயம் உண்டு. மாமனார் சொத்தில், முன்னால் இறந்துபோன மகனின் விதவைக்குப் பங்கு உண்டு. மாமியார் சொத்தில், பிள்ளைகள் இருக்கும்போது, மருமகளுக்குக் கிடையாது. பெண்ணின் சொத்துக்குச் சட்டத்தில் தனி வரிசை. அதனால் ஆச்சி பங்கிலிருந்து உங்கள் அம்மாவுக்கு எதுவும் வராது.

இன்றைய கணக்கு: அம்மா 50, நீங்கள் 56.25, தங்கை 56.25, சித்தப்பா 12.5, அத்தைகள் தலா 12.5. கூட்டினால் 200. மூன்று பேர் கையெழுத்துப் போட்டால் 162.5 சென்ட்தான் விற்றதாக ஆகும். மீதி முப்பத்தேழரை சென்ட்டுக்கு வாங்குபவர் பணம் கொடுத்தும் உரிமை இல்லாமல் நிற்பார். அதனால்தான் அந்தக் கையெழுத்துகளைக் கேட்கிறார்.

பழைய பத்திரம்

முருகு சொன்ன 1989 விஷயத்தைத் தனியாகச் சொல்கிறேன், நிறையப் பேர் இதில் தடுமாறுகிறார்கள். தமிழ்நாடு 25-3-1989 முதல் மகள்களுக்குக் கூட்டுக்குடும்பச் சொத்தில் மகனைப் போலவே பங்கு கொடுத்தது. அந்தத் தேதிக்கு முன் கல்யாணம் ஆனவர்களை மட்டும் விலக்கிவைத்தது. முருகு சொன்னதில் அந்தப் பாதி சரி. ஆனால் 9-9-2005-ல் வந்த மத்தியத் திருத்தத்தில் கல்யாணக் கட்டுப்பாடே கிடையாது. 2020 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம், 2005-ல் தகப்பனார் உயிரோடு இருந்திருக்க வேண்டும் என்ற அவசியமும் இல்லை என்று சொல்லிவிட்டது.

இதெல்லாம் பிறப்பிலேயே பங்கு வரும் பூர்வீகச் சொத்துக்கு. இங்கே இருப்பது கிரயம் வாங்கிய நிலம். அத்தைகள் தங்கள் அம்மாவின் பங்குக்கு வாரிசாக வருகிறார்கள். அம்மா சொத்து மகளுக்கு வர, 1956 சட்டத்தில் மகளின் கல்யாணத் தேதி கணக்கில் வராது.

தாலுகா ராசா

வருவாய்த் துறைப் பக்கமிருந்து சொல்றேன். வாரிசு சான்றிதழ்ல ஆச்சி பேர் ஏன் இல்லைன்னு யோசிச்சீங்களா? நீங்க 2023-ல விண்ணப்பிச்சீங்க. விசாரணைக்குப் போனவங்க அன்னைக்கு வீட்ல யாரு உசுரோட இருக்காங்கன்னு கேட்டு மூணு பேரை எழுதியிருப்பாங்க. அப்பா இறந்த அன்னைக்கு யாரு இருந்தாங்கங்கிறதுதான் கேள்வி. ஆச்சி பேரையும் போட்டு "பின்னர் இறந்துவிட்டார்"னு குறிப்பு வந்திருக்கணும். விண்ணப்பத்துல நீங்க சொல்லலைன்னா அவங்களுக்குத் தெரிய வழி இல்லை.

இப்ப ரெண்டு சான்றிதழ் வேணும். அப்பாவோடது ஆச்சி பேரைச் சேர்த்துத் திருத்தி ஒண்ணு. ஆச்சிக்குத் தனியா ஒண்ணு. அதுல சித்தப்பா, அத்தைங்க, அப்புறம் முன்னாடியே இறந்த மகன்னு உங்க அப்பா, அவர் வழியில நீங்க ரெண்டு பேர். ரெண்டுக்கும் இறப்புச் சான்றிதழ் வேணும். ஆச்சியோடதை இ-சேவை மையத்துல விண்ணப்பிக்கலாம்.

வாரிசு சான்றிதழ் யார் யார் உறவுன்னு சொல்லும், யாருக்கு எவ்வளவுன்னு சொல்லாது. பட்டாவும் தீர்வை யார் கட்டணும்ங்கிற கணக்குதான். பட்டா பேர் மாறினதால உரிமை மாறிட்டதா நெனச்சு ஏமாந்த குடும்பம் எத்தனையோ.

சேர்மாதேவிக்காரன்

விளங்குது, ஆனா ஏத்துக்க முடியலை. ஆச்சி உசுரோட இருக்கும்போதே "எனக்கு ஒண்ணும் வேண்டாம்ல, பேரப்பிள்ளைக வச்சுக்கட்டும்"னு எல்லார் முன்னாடியும் சொன்னாங்க. சித்தப்பாவும் கேட்டுக்கிட்டுதான் இருந்தாங்க.

பழைய பத்திரம்

வாயால் சொன்னது சொத்தை நகர்த்தாது. நூறு ரூபாய்க்கு மேல் மதிப்புள்ள அசையாச் சொத்தில் இருக்கும் உரிமையை விட்டுக்கொடுக்க எழுத்தும் வேண்டும், பதிவும் வேண்டும். ஆச்சி 2020-லேயே சார்பதிவாளர் அலுவலகத்தில் ஒரு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்திருந்தால் இன்று இந்த இழையே இல்லை. அல்லது ஒரு உயில் எழுதியிருக்கலாம். தனக்கு வந்த பங்கை இன்னாருக்கு என்று எழுதிவைக்க அவருக்கு முழு உரிமை இருந்தது.

பாளை ஜெபா

எங்க வீட்லயும் இதே மாதிரி ஒரு பிரச்சினை. எங்க மாமனார் உயில் இல்லாம இறந்தப்ப அவங்க அம்மா இருந்தாங்க. நாங்க கிறிஸ்தவங்க. இந்தக் கணக்குப்படி எங்களுக்கும் பாட்டி பங்கு உண்டா?

பழைய பத்திரம்

உங்களுக்குச் சட்டமே வேறு. கிறிஸ்தவர்களுக்கு 1925-ம் வருட இந்திய வாரிசுரிமைச் சட்டம். பிள்ளைகள் இருந்தால் மனைவிக்கு மூன்றில் ஒன்று, மீதி மூன்றில் இரண்டைப் பிள்ளைகள், மகன் மகள் என்று பாராமல், சமமாகப் பிரித்துக்கொள்வார்கள். பிள்ளைகள் இருக்கும் இடத்தில் தாய்க்குப் பங்கு இல்லை. அதனால் உங்கள் மாமனார் நிலத்தில் இந்தச் சிக்கல் எழாது. உதாரணமாக இதே இருநூறு சென்ட்டை எடுத்துக்கொண்டால் மனைவிக்கும் இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு அறுபத்தாறு சென்ட்டுக்குக் கொஞ்சம் மேல் வரும், அவ்வளவுதான்.

பக்கத்துப் பக்கத்து வயல், ஒரே மடை, ஒரே மாதிரிக் குடும்பம், மதம் மாறினால் பங்கு மாறும். அடுத்த வீட்டுக் கணக்கைப் பார்த்துத் தன் வீட்டுக்குப் போடக்கூடாது.

பாளை ஜெபா

நன்றி. மாமியார் மூணுல ஒண்ணுதான்னா வீட்ல ஒரு பூகம்பம் வரும். சொல்லாம இருந்துக்கிறேன்.

சேர்மாதேவிக்காரன்

உயில்னு சொன்னதும் ஞாபகம் வந்துச்சு. அம்மாகிட்ட கேட்டேன். 2021-ல ஆச்சி ஒரு நாற்பது பக்க நோட்டுல எழுதச் சொல்லியிருக்காங்க. "என் மூத்த மகன் நிலத்தில் எனக்கு உள்ள பங்கை என் காலத்துக்குப் பின் என் பேரன் அடைய வேண்டியது"ன்னு இருக்கு. ஆச்சி பெருவிரல் ரேகை வச்சிருக்காங்க. எழுதினது பக்கத்து வீட்டு ரிட்டயர்டு வாத்தியார், கடைசியில "எழுதியது"ன்னு போட்டுக் கையெழுத்துப் போட்டிருக்கார். "சாட்சி"ன்னு எங்க மாமா, அம்மாவோட தம்பி, போட்டிருக்காங்க. முத்திரைத்தாள் இல்லை, ரிஜிஸ்டர் பண்ணலை. இது செல்லுமா?

முக்கூடல் முருகு

நோட்டுல எழுதினதெல்லாம் உயிலா? பத்திரத்துல எழுதி ரிஜிஸ்டர் பண்ணாத்தான் செல்லும். இதைத் தூக்கிப் போடுங்க.

பழைய பத்திரம்

தூக்கிப் போட வேண்டாம். உயிலுக்கு முத்திரைத்தாள் தேவையே இல்லை, வெள்ளைத்தாளும் நோட்டுத்தாளும் போதும். பதிவு விருப்பம், கட்டாயம் இல்லை. ரேகையும் கையெழுத்துக்குச் சமம்தான். இந்த மூன்றாலும் அந்த நோட்டு விழாது.

சாட்சியில் விழலாம். உயிலுக்குக் குறைந்தது இரண்டு சாட்சிகள் வேண்டும். இருவருமே ஆச்சி ரேகை வைப்பதைப் பார்த்திருக்க வேண்டும், அல்லது "இது நான் வைத்ததுதான்" என்று ஆச்சி சொல்லக் கேட்டிருக்க வேண்டும். பிறகு ஆச்சி பார்க்க அவர்கள் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். சாட்சிகள் இருவரும் ஒரே நேரத்தில் இருக்க வேண்டும் என்பதில்லை. உங்கள் நோட்டில் சாட்சி என்று ஒருவர்தான்.

தாலுகா ராசா

வாத்தியாரும் பக்கத்துலதானே இருந்தாரு? ரேகை வைக்கிறதைப் பாத்துட்டுத்தான் கையெழுத்துப் போட்டிருப்பாரு. அவரை ரெண்டாவது சாட்சியா எடுத்துக்கக் கூடாதா?

பழைய பத்திரம்

நல்ல கேள்வி. இதில் என்னால் ஒரே அடியாகப் பதில் சொல்ல முடியாது. எழுதியவர் சாட்சியாகவும் இருக்கலாம், தடை இல்லை. ஆனால் அவர் சாட்சி என்ற எண்ணத்தோடு கையெழுத்துப் போட்டாரா, இல்லை "இதை நான்தான் எழுதினேன்" என்று காட்டப் போட்டாரா என்று நீதிமன்றம் பார்க்கும். இரண்டாவது என்றால் அவர் சாட்சி ஆகமாட்டார். பழைய பத்திர எழுத்தர்கள் அடியில் "எழுதியதும் சாட்சியும்" என்று ஏன் போட்டார்கள் என்று இப்போது விளங்குகிறதா? அந்த ஒரு சொல் இல்லாததால் இங்கே வாத்தியாரின் வாக்குமூலத்தை நம்பித்தான் போக வேண்டும். வாத்தியார் இருக்கிறாரா?

சேர்மாதேவிக்காரன்

இருக்கார். எண்பது வயசு. ஞாபகம் நல்லா இருக்கு.

தாலுகா ராசா

அப்ப ஜெயிச்சிடலாம்னு எனக்குத் தோணுது.

பழைய பத்திரம்

எனக்கு அந்த அளவு நம்பிக்கை இல்லை, ராசா. வாத்தியார் நன்றாகப் பேசினாலும் எதிர்த் தரப்பு மூன்று கேள்வி கேட்கும். ஒன்று, ஆச்சி வங்கியில் கையெழுத்துப் போட்டவரா? போட்டவர் என்றால் உயிலில் மட்டும் ஏன் ரேகை? இரண்டு, சாட்சி பேரனின் தாய்மாமன்தானே, பேரனுக்குத்தானே எல்லாம்? மூன்று, நான்கு வருடமாக நோட்டு எங்கே இருந்தது, 2023-ல் பட்டா மாற்றும்போது ஏன் காட்டவில்லை? உயிலால் பயன் பெறுபவர்தான் இந்தச் சந்தேகங்களையெல்லாம் நீக்க வேண்டும். 1959-ல் உச்ச நீதிமன்றம் வேங்கடாசல ஐயங்கார் வழக்கில் சொன்னதிலிருந்து இன்றுவரை உயில் வழக்குகள் இதைச் சுற்றித்தான் நடக்கின்றன.

சேர்மாதேவிக்காரரே, இன்னொன்றையும் யோசியுங்கள். அந்த நோட்டு செல்லும் என்று வந்தால் ஆச்சியின் ஐம்பது சென்ட்டும் உங்களுக்கு மட்டும். அப்போது உங்களுக்கு 100, அம்மாவுக்கு 50, தங்கைக்கு 50. உங்கள் தங்கை ஆறேகால் சென்ட்டை இழப்பார். அத்தைகளுக்கு எதிராக மட்டும் அல்ல, தங்கைக்கு எதிராகவும் அந்த நோட்டு நிற்கிறது. அவரிடம் சொல்லிவிட்டீர்களா?

சேர்மாதேவிக்காரன்

அதை யோசிக்கவே இல்லை. சொல்லலை.

சிந்து அம்பை

குறுக்க வந்து கேக்கிறேன், மன்னிக்கணும். எங்க வீட்டுக்காரர் லோன் போட்டு அம்பையில வீடு கட்டியிருக்கார். ரெண்டு பொண்ணு. அத்தை (அவரோட அம்மா) எங்ககூடதான் இருக்காங்க. அவருக்குக் கூடப்பிறந்தவங்க மூணு பேர். நீங்க சொன்னதைப் படிச்சா, இவருக்கு ஏதாவது ஆகி, அப்புறம் அத்தையும் போனா, எங்க வீட்டுல நாத்தனார் கொழுந்தன் எல்லாருக்கும் பங்கு வந்துரும் போலயே? அத்தையை ஒதுக்கணும்னு கேக்கலை. பின்னாடி சண்டை வரக்கூடாதுன்னு கேக்கிறேன். உயில் எழுதினா சரியாயிருமா?

பழைய பத்திரம்

அம்மா, நீங்கள் சரியாகப் புரிந்துகொண்டீர்கள். உயில் இல்லாவிட்டால் நீங்கள், இரண்டு மகள்கள், அத்தை என்று நான்கு பங்கு. அத்தையின் கால் பங்கு அவருக்குப் பின் அவருடைய நான்கு பிள்ளைகளின் வழிக்குப் போகும்.

வீடு அவர் சொந்தமாகச் சம்பாதித்துக் கட்டியது என்பதால் முழுவதையும் உயிலில் யாருக்கு வேண்டுமானாலும் எழுதலாம். உங்களுக்கும் மகள்களுக்கும் என்று எழுதிவிட்டால் அத்தை பங்கு என்ற கேள்வி எழாது. ஆனால் அத்தை வேறு வருமானம் இல்லாதவர் என்றால், சொத்தை அடைபவர்களிடம் ஜீவனாம்சம் கேட்க அவருக்குச் சட்டத்தில் உரிமை உண்டு. அதனால் அவரை அப்படியே விட்டுவிடாமல், "என் தாயார் ஆயுள் உள்ளவரை இந்த வீட்டில் குடியிருக்க வேண்டியது, விற்கவோ அடமானம் வைக்கவோ அவருக்கு உரிமை இல்லை" என்று ஒரு வரி சேர்ப்பது நல்லது. அத்தைக்கும் இருப்பிடம் உறுதி, பங்கும் பின்னால் பிரியாது.

எழுதும் முறை: வீட்டின் சர்வே எண், பரப்பு, நான்கு எல்லை, கிரயப் பத்திர எண், வருடம் எல்லாம் வரட்டும். "இதில் சொல்லாமல் விட்டதும் இனி வாங்கப்போவதும்" யாருக்கு என்று கடைசியில் கட்டாயம் ஒரு வரி. அந்த வரி இல்லாவிட்டால், விட்டுப்போன சொத்துக்கு மறுபடி நான்கு பங்கு கணக்குதான், அத்தை பங்கும் திரும்ப வந்துவிடும். உயில் எழுதின பிறகு வாங்கிய மனையில்தான் பெரும்பாலும் இது நடக்கிறது. முந்தைய உயில் ஏதாவது இருந்தால் ரத்து என்றும் எழுதுங்கள்.

ஒவ்வொரு பக்கத்திலும் அவர் கையெழுத்து, கடைசியில் தேதியோடு கையெழுத்து. சாட்சிகள் இருவர். அவரைவிட வயதில் சின்னவர்களாகப் பாருங்கள், ஏனென்றால் அவருக்குப் பின் கோர்ட்டுக்கு வரவேண்டியவர்கள் அவர்கள்தான். சொத்தை அடைபவர்களும் அவர்கள் கணவன் மனைவியும் சாட்சி போட வேண்டாம். இந்துக்களுக்கு அதனால் உயில் கெடாது, ஆனால் சந்தேகத்துக்கு முதல் கல் அதுதான். கிறிஸ்தவர்களுக்கோ சாட்சிக்கும் சாட்சியின் கணவன் மனைவிக்கும் எழுதிய பங்கே செல்லாமல் போகும். ஜெபா, இதையும் குறித்துக்கொள்ளுங்கள். உங்கள் சட்டத்தில் கல்யாணம் ஆனால் அதற்கு முன் எழுதிய உயில் தானாகவே ரத்தாகும். இந்துக்களுக்கு அது கிடையாது.

சிந்து அம்பை

ரிஜிஸ்டர் பண்ணணுமா?

பழைய பத்திரம்

செய்தால் நல்லது. முத்திரைக் கட்டணம் கிடையாது, பதிவுக் கட்டணம் மட்டும். சார்பதிவாளர் முன் அவரே போய் ஒப்புக்கொண்ட பதிவு இருக்கும்போது "அவர் கையெழுத்தே இல்லை" என்று சொல்வது கஷ்டம். ஆனால் பதிவு செய்த உயிலையும் எதிர்க்கலாம், அப்போதும் ஒரு சாட்சியாவது வந்து சொல்லியாக வேண்டும். பதிவு செய்த உயிலைப் பதிவு செய்யாத பிந்திய உயில் ரத்து செய்யவும் முடியும். கடைசியாக எழுதியதுதான் நிற்கும்.

முக்கூடல் முருகு

வில்லங்கம் போட்டா உயில் தெரிஞ்சிரும்ல? வீட்டுல யாருக்கும் தெரியாம எழுத முடியாதே.

பழைய பத்திரம்

தெரியாது. கிரயம், அடமானம், செட்டில்மெண்ட் எல்லாம் முதல் புத்தகத்தில் ஏறும், வில்லங்கச் சான்று அதைப் பார்த்து வருவது. உயில் ஏறுவது மூன்றாம் புத்தகத்தில். எழுதியவர் உயிரோடு இருக்கும்வரை அவருக்கோ அவருடைய முகவருக்கோ மட்டும்தான் நகல் கொடுப்பார்கள். அவர் இறந்த பிறகு யார் விண்ணப்பித்தாலும் கிடைக்கும்.

இது சேர்மாதேவிக்காரருக்கும் பொருந்தும். ஆச்சி எந்த அத்தை வீட்டிலாவது இருந்த காலத்தில் வேறு ஒரு உயிலைப் பதிவு செய்து வைத்திருந்தால் வில்லங்கச் சான்றில் அது வந்திருக்காது. ஆச்சியின் இறப்புச் சான்றோடு அந்தச் சார்பதிவாளர் அலுவலகத்தில் மூன்றாம் புத்தகத்தைத் தேடச் சொல்லிப் பாருங்கள். 2021-க்குப் பிந்திய தேதியில் ஒன்று இருந்தால் நோட்டைப் பற்றிய பேச்சே முடிந்தது.

முக்கூடல் முருகு

சரி, இதுல எனக்கு ஒரு சந்தேகம். எங்க அப்பா பேங்க் டெபாசிட்ல என்னை நாமினி போட்டிருக்காங்க. அது எனக்குத்தானே? அதுக்கு உயில் எதுக்கு?

தாலுகா ராசா

பேங்க் உங்ககிட்ட பணத்தைக் கொடுத்துட்டு கை கழுவிக்கும், அதுக்குத்தான் நாமினி. வாங்கி எல்லா வாரிசுக்கும் பிரிச்சுக் கொடுக்கணும். பேங்க் டெபாசிட் நாமினி விஷயத்துல 2010-லயே சுப்ரீம் கோர்ட் சொல்லியாச்சு. உங்களுக்குத்தான்னு இருந்தா அப்பாவை உயில்ல எழுதச் சொல்லுங்க.

முக்கூடல் முருகு

அப்ப நான் இவ்வளவு நாளா தப்பா நெனச்சிட்டிருந்தேன். அக்காகிட்ட இதைச் சொல்லணுமா வேண்டாமா.

பழைய பத்திரம்

விற்பனைக்கு வருவோம். சேர்மாதேவிக்காரரே, நோட்டை வைத்து வழக்குப் போட்டால் வருடக்கணக்கில் போகும். அதுவரை வாங்குபவர் இருக்கமாட்டார். திருநெல்வேலி மாவட்ட நிலத்துக்கு உயில் மெய்தான் என்று நீதிமன்றத்தில் புரோபேட் உத்தரவு வாங்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லைதான், ஆனால் இப்படி ஒரு சாட்சியோடு உள்ள நோட்டை நம்பி எந்த வக்கீலும் பணம் கொடுக்கச் சொல்லமாட்டார்.

எளிய வழி, சித்தப்பாவும் அத்தைகளும் கிரயப் பத்திரத்தில் விற்பவர்களாகச் சேர்வது. ஆறு பேரும் விற்பவர்கள். பத்திரத்தின் முகப்பில் 1996 கிரயம், அப்பா இறந்த தேதி, அன்று இருந்த நான்கு வாரிசுகள், ஆச்சி இறந்த தேதி, அவர் வாரிசுகள் என்று வரிசையாக எழுதிவிட்டால் வாங்குபவருக்கு முழு உரிமை போய்ச் சேரும். தனியாக விடுதலைப் பத்திரம் எழுதி அதற்கு ஒரு கட்டணம், பிறகு கிரயத்துக்கு ஒரு கட்டணம் என்று இரட்டைச் செலவு வேண்டாம். அவர்கள் முப்பத்தேழரை சென்ட்டுக்கு உள்ள பணத்தை வாங்குவதா, குறைத்து வாங்குவதா என்பது உங்கள் குடும்பப் பேச்சு. யாராவது வெளியூரில் இருந்தால் பதிவு செய்த பவர் பத்திரம் கொடுக்கலாம்.

காத்திருக்காதீர்கள். அத்தைகளில் ஒருவர் ஒருவேளை இறந்துபோனால், அந்தப் பன்னிரண்டரை, அத்தையின் கணவருக்கும் பிள்ளைகளுக்கும் பிரியும். கையெழுத்து ஆறிலிருந்து எட்டு ஒன்பதாகும்.

சேர்மாதேவிக்காரன்

சின்ன அத்தை சரின்னுட்டாங்க, பணமே வேண்டாம்ங்கிறாங்க. பெரிய அத்தை "எங்கம்மா சொத்துல எனக்கு வர்றதை நான் ஏன் விடணும்"னு கேக்காங்க. சித்தப்பா பேசவே இல்லை, பிசான அறுப்பு முடியட்டும்னு மட்டும் சொன்னாங்க. தங்கச்சிகிட்ட நோட்டைக் காட்டிட்டேன். அவ ஒண்ணும் சொல்லலை, போட்டோ எடுத்து வச்சுக்கிட்டா.

தாலுகா ராசா

பெரிய அத்தை கேக்கிறது நியாயம்தான், அண்ணாச்சி. பன்னிரண்டரை சென்ட்டுக்கு உண்டான விலையைச் சொல்லுங்க. வாத்தியார்கிட்டயும் நாளைக்கே போய், அன்னைக்கு யார் யார் அந்த இடத்துல இருந்தாங்கன்னு கேட்டு வச்சுக்கிடுங்க. நோட்டு தேவைப்படலைன்னாலும் இருக்கட்டும்.

சேர்மாதேவிக்காரன்

போயிட்டு வந்தேன். மாமா கையெழுத்துப் போட்டப்ப ஆச்சி உள்ள தூங்கப் போயிட்டாங்கங்கிறார் வாத்தியார். மாமா இல்லைங்கிறாங்க.